தமிழ் படிச்சா கண்ணு வலிக்குதா? முதல்ல அந்த `Aa`-வைத் தட்டுங்க

"இங்கிலீஷ் நாவல் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்லயே படிக்கிறேன், ஒண்ணும் ஆகல. தமிழ்னா இருபது நிமிஷத்துல கண்ணு எரியுது மச்சி. எனக்குத் தமிழ் மறந்துபோச்சுன்னு நினைக்கிறேன்."

இதைச் சொன்னது என் ஹாஸ்டல் அறை நண்பன். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழை ஒரு பாடமாகப் படித்தவன். போனில் பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் பாதியில் விட்டிருந்தான். கதை பிடிக்காமல் இல்லை. அடுத்து என்ன ஆகுதுன்னு என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தான். படிக்க உட்கார்ந்தால் கண் களைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதே வார்த்தையை எங்கள் மாடியில் இன்னும் இரண்டு மூன்று பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லாருமே பழியைத் தங்கள் தமிழ்மேலோ கண்மேலோ போட்டார்கள். யாரும் செயலியைச் சந்தேகப்படவில்லை. ஆனால் ஒரே போன், ஒரே செயலி, ஒரே அறை வெளிச்சம், ஒரு மொழியில் மட்டும் கண் வலி என்றால், மொழியோடு சேர்ந்து மாறுவது என்ன என்றுதானே முதலில் பார்க்கணும்? திரையில் எழுத்தின் வடிவம் மாறுகிறது. அதைச் சுற்றியிருக்கும் அளவுகள் மாறுவதில்லை. அந்த அளவுகள் ஆங்கில எழுத்துக்குப் பொருந்தும்படி வைக்கப்பட்டவை. பிரச்சனை அங்கேதான் இருக்கணும் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் போனை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். லேபில் செய்வதுபோல ஒரு விதி மட்டும் வைத்துக்கொண்டோம்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு அளவைத்தான் மாற்றணும், மாற்றியதும் ஒரு பக்கம் முழுசா படிக்கணும். நாலையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

ஃபான்ட் நிஜமாவே மாறுதா?

ஆரம்பித்த இடத்திலேயே ஒரு வேடிக்கை. அவன் செயலியில் `Aa` என்ற குறியைத் தட்டினால் ஏழெட்டு ஃபான்ட் பெயர்கள் வரும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். "எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கு"ன்னு சொன்னான். உற்றுப் பார்த்தால் பக்க எண்ணும் அத்தியாய எண்ணும் மட்டும் மாறிக்கொண்டிருந்தன. தமிழ் எழுத்து ஒன்றுகூட அசையவில்லை.

காரணம் எளிது. அந்தப் பட்டியலில் இருந்த எந்த ஃபான்ட்டுக்குள்ளும் தமிழ் எழுத்தே கிடையாது. ஒரு ஃபான்ட்டில் இல்லாத எழுத்து வந்தால், செயலி அந்த எழுத்தை மட்டும் போனிலேயே இருக்கும் வேறொரு ஃபான்ட்டிலிருந்து கடன் வாங்கிக் காட்டும். அதனால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தமிழுக்கு வருவது அந்தக் கடன் ஃபான்ட்தான். இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. சில செயலிகள் ஒரு வரிக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுத்த ஆங்கில ஃபான்ட்டை வைத்துக் கணக்குப் போடும்; அந்த உயரத்துக்குள் தமிழ் எழுத்தைத் திணிக்கும்.

உங்கள் போனில் இப்படி நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். ண, ழ, இ மாதிரி வளைவு அதிகமுள்ள ஒரு எழுத்தைப் பார்த்துக்கொண்டே பட்டியலில் இருக்கும் ஃபான்ட்களை மாற்றுங்கள். வளைவின் வடிவமோ கோட்டின் தடிமனோ மாறவில்லை என்றால், அந்தப் பட்டியல் உங்கள் தமிழ்ப் புத்தகத்துக்குச் சும்மா அலங்காரம்தான்.

இதற்குத் தீர்வு, தமிழ் எழுத்து உள்ள ஃபான்ட் ஒன்றை நாமே சேர்ப்பது. `Noto Serif Tamil`, `Mukta Malar`, `Hind Madurai`, `Catamaran` எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பல செயலிகளில் வெளியிலிருந்து ஃபான்ட் சேர்க்க வசதி உண்டு. KOReader-இல் என்றால் `.ttf` கோப்பை `koreader/fonts` என்ற போல்டருக்குள் போட்டாலே போதும். நாங்கள் இரண்டைச் சேர்த்து ஒப்பிட்டோம். `Noto Serif Tamil`-இல் கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும், அச்சுப் புத்தகம் போல இருக்கும். `Mukta Malar`-இல் கோடு ஏறக்குறைய ஒரே தடிமன். பகலில் இரண்டுமே நன்றாக இருந்தன. ராத்திரி திரை வெளிச்சத்தைக் குறைத்தபோது முதல் ஃபான்ட்டின் மெல்லிய கோடுகள் மங்கின. ராத்திரி வாசகனான என் நண்பன் இரண்டாவதை எடுத்துக்கொண்டான்.

எவ்வளவு பெருசு? ஏ-யின் காலைப் பாருங்க

எழுத்தின் அளவை "பார்க்க அழகா இருக்கு" என்று முடிவு செய்வது சரிவராது. தமிழில் அதைவிட நல்ல சோதனை இருக்கிறது. எ, ஏ இரண்டுக்கும் வித்தியாசம் கீழே இருக்கும் ஒரு சின்னக் கோடுதான். கி, கீ இரண்டுக்கும் வித்தியாசம் மேலே ஒரு சின்னச் சுழி. த, த் இரண்டுக்கும் ஒரே ஒரு புள்ளி. எழுத்து சின்னதாக இருக்கும்போது அந்தச் சுழி அடைபட்டுப் பொட்டாகத் தெரியும். அப்போதும் நாம் படித்துவிடுவோம். வாக்கியத்தின் பொருளை வைத்து மூளை ஊகித்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் நாலைந்து ஊகம் என்றால் அது ஓயாத வேலை.

போனை வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில், முகத்துக்கு அருகே கொண்டுபோகாமல், இந்த ஜோடிகளைப் பாருங்கள். வார்த்தையின் துணையில்லாமல், தனி எழுத்தாகவே எது எது என்று தயங்காமல் சொல்ல முடிகிற அளவுதான் உங்களுக்கான குறைந்தபட்சம். அதிலிருந்து ஒரு படி மேலே வைத்துக்கொள்ளுங்கள். களைத்த கண்ணுக்கு அந்த ஒரு படி உதவும்.

நண்பனின் போன் திரை அகலம் 68 மில்லிமீட்டர். ஸ்கேலை வைத்தே அளந்தோம். பழைய அளவில் ஒரு வரிக்குச் சுமார் 24 எழுத்து ஓடியது. சோதனையில் தேறிய அளவுக்குக் கொண்டுவந்ததும் அது 18 ஆகக் குறைந்தது. இந்த 18 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மார்ஜின் வரும்போது தேவைப்படும்.

வரி இடைவெளி: அசல் குற்றவாளி

ஆங்கிலச் சின்ன எழுத்துகளைப் பாருங்கள். a, c, e, m, n, o, r, s என்று பெரும்பாலானவை பாதி உயரத்திலேயே நின்றுவிடும். எப்போதாவது ஒரு h மேலே போகும், ஒரு g கீழே இறங்கும். அதனால் வரிகளை நெருக்கி வைத்தாலும் நடுவில் தானாகவே ஒரு வெள்ளைப் பட்டை கிடைக்கும்.

தமிழில் நிலைமை வேறு. மேலே புள்ளி, ி-யின் கொக்கி, ீ-யின் சுழி. கீழே பு, சு, யு-வின் இறங்கு கோடு, பூ, மூ-வின் வளைவு, ழ, ஞ-வின் வால். ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லும் மேலேயோ கீழேயோ எதையாவது நீட்டிக்கொண்டிருக்கும். மேல் வரியில் ஒரு 'பூ' வந்து, அதற்கு நேர் கீழே அடுத்த வரியில் ஒரு 'ன்' வந்தால், பூவின் வாலும் ன்-இன் புள்ளியும் முட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளி எந்த வரிக்குச் சொந்தம் என்று கண் ஒரு கணம் தடுமாறும்.

இதோடு இன்னொன்றும் சேரும். ஒரு வரியை முடித்ததும் கண் இடப்பக்கம் தாவி அடுத்த வரியின் தொடக்கத்தில் இறங்கணும். வரிகளுக்கு நடுவே தெளிவான வெள்ளைப் பாதை இருந்தால் அந்தத் தாவல் சரியாக விழும். இல்லாவிட்டால் படித்த வரியையே மறுபடி படிப்போம், அல்லது ஒன்றைத் தாண்டிப்போவோம். போனில் வரிகள் குட்டையானவை என்பதால் இந்தத் தாவல் ஒரு பக்கத்திலேயே முப்பது நாற்பது தடவை நடக்கிறது.

வரி இடைவெளியை எழுத்தின் அளவோடு ஒப்பிட்டு ஒரு மடங்காகச் சொல்வார்கள். எழுத்து அளவு 10 என்று வைத்துக்கொண்டால், ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரை 12 இருந்தால் அது 1.2. ஆங்கிலத்துக்கு 1.2 முதல் 1.4 வரை வைப்பது வழக்கம். அவன் செயலி இருந்தது 1.2-இல்.

1.2, 1.4, 1.6, 1.8, 2.0 என்று ஐந்து அளவிலும் ஆளுக்கொரு பக்கம் படித்தோம். அளக்க நாங்கள் வைத்துக்கொண்ட வழி இதுதான்: தவறான வரியில் கண் இறங்கும் ஒவ்வொரு தடவையும் விரலை மடக்கணும். 1.2-இல் அவன் ஒரே பக்கத்தில் மூன்று விரல் மடக்கினான். 1.4-இல் ஒன்று. 1.6-இல் ஒன்றும் இல்லை. 1.8-உம் அப்படியே. 2.0-இல் புதுசா ஒரு தொல்லை வந்தது. வரிகள் தனித்தனியாக மிதந்தன, எங்கே பத்தி முடிகிறது என்றே தெரியவில்லை, ஒரு நீண்ட வாக்கியம் பக்கத்தையே தின்றது. 1.6-இல் நிறுத்தினோம்.

உங்கள் செயலி மடங்கில் காட்டாமல் 100%, 120% என்று காட்டலாம். அங்கே 100% என்பது பல நேரம் ஃபான்ட்டே தனக்கென வைத்திருக்கும் வரி உயரம். அதனால் என் 1.6-ஐ அப்படியே 160% என்று போட்டுவிடாதீர்கள், ரொம்ப அகலமாகிவிடும். எண்ணைப் பார்க்க வேண்டாம், விரல் மடக்கிப் பாருங்கள்.

நகர்த்தினாலும் நகராத ஸ்லைடர்

இதுவரை சுலபமாகப் போனது. அடுத்து அவன் வைத்திருந்த இன்னொரு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தோம். அதே செயலி, அதே 1.6. ஆனால் வரிகள் பழையபடி நெருக்கமாகவே நின்றன. ஸ்லைடரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தாலும் அசைவில்லை. எழுத்தைப் பெருசாக்கினால் இன்னும் மோசம், ஒரு வரி அடுத்த வரியின் தலையிலேயே ஏறி உட்கார்ந்தது.

எழுத்து வளர்கிறது, வரி உயரம் வளரவில்லை என்றால், அந்த உயரத்தை யாரோ ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். `.epub` கோப்பு என்பது உள்ளே ஒரு குட்டி வலைத்தளம். அதற்குள் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு ஒன்று இருக்கும். லேப்டாப்பில் காலிபர் என்ற இலவச மென்பொருளில் புத்தகத்தைச் சேர்த்து, `Edit book` கொடுத்துத் திறந்தோம். உள்ளே இருந்தது இது:

```css
p {
  font-size: 12px;
  line-height: 14px;
  text-align: justify;
}
```

12-க்கு 14 என்றால் 1.17 மடங்கு. அதுவும் நிலையான பிக்சலில். செயலி எழுத்தைப் பெருசாக்கினாலும் வரி அந்த 14-ஐ விடவில்லை. புத்தகத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, இப்படி மாற்றினோம்:

```css
p {
  font-size: 1em;
  line-height: 1.6;
  text-align: left;
}
```

பிக்சல் போய், எழுத்தின் அளவைப் பொறுத்து மாறும் மடங்கு வந்தது. சேமித்து போனுக்கு அனுப்பியதும் எழுத்தோடு சேர்ந்து வரியும் வளர்ந்தது. செயலியின் ஸ்லைடர் அப்போதும் வேலை செய்யவில்லை என்றால், அந்த `line-height` வரியையே எடுத்துவிட்டால் முடிவை செயலி எடுத்துக்கொள்ளும். லேப்டாப் இல்லாதவர்களுக்கு KOReader-இல் இன்னும் சுலபமான வழி உண்டு. அதன் `Style tweaks` மெனுவில் `Ignore publisher line heights` என்று ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்தால் புத்தகத்தின் ஆணி கழன்றுவிடும்.

பிடிஎஃப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. A4 தாளுக்கென்று செய்த பிடிஎஃப்-இல் வரிகள் ஏற்கெனவே உறைந்துவிட்டவை. பெருசாக்கிப் பார்க்கலாம், ஆனால் இடைவெளியை மாற்ற முடியாது; பெருசாக்கினால் வரிக்கு வரி பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகணும். அதே புத்தகத்துக்கு `.epub` இருக்கிறதா என்று தேடுவதுதான் வழி. `freetamilebooks.com` தளத்தில் ஒரே புத்தகத்துக்கு `.epub`, A4 பிடிஎஃப், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் என்று தனித்தனியாகவே கொடுக்கிறார்கள்.

மார்ஜின்: போன்ல கஞ்சத்தனம் நல்லது

"ஓரத்துல நிறைய வெள்ளை விட்டா கண்ணுக்கு நல்லது" என்று பொதுவாகச் சொல்வார்கள். அகலமான லேப்டாப் திரைக்கு அது உண்மை. அங்கே வரி நீளம்தான் எதிரி, மார்ஜின் அதைக் குறுக்கும். ஆங்கிலத்தில் வரிக்கு 45 முதல் 75 எழுத்து என்பது பழைய அச்சுத் தொழில் கணக்கு. போனில் நம் பிரச்சனை நேர் எதிரானது. வரி ஏற்கெனவே குட்டை.

தமிழ்ச் சொல் நீளமானது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 'போய்க்கொண்டிருந்தார்கள்' ஒரே சொல், 12 எழுத்து. நம் வரியில் மொத்தமே 18 எழுத்துதான். வரியில் ஏற்கெனவே எட்டு எழுத்து நிரம்பியிருந்தால் இந்தச் சொல்லுக்கு இடம் போதாது, அடுத்த வரிக்குப் போய்விடும். மீதிப் பத்து எழுத்து இடம் காலி. இரு ஓரமும் நேராக நிற்கணும் என்று `justify` போட்டிருந்தால், செயலி அந்தக் காலி இடத்தை இருக்கிற ஒன்றிரண்டு சொல் இடைவெளிக்குள் பிரித்துப் போடும். பல்லு விழுந்த வாய் மாதிரி வரி நடுவில் ஓட்டை. கண் ஒவ்வொரு ஓட்டையையும் தாண்டித்தான் போகணும்.

இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, இடப்பக்கம் மட்டும் நேராக, வலப்பக்கம் எப்படியோ முடியட்டும் என்று விட்டது. பார்க்க ஒழுங்கில்லாதது போலத் தெரியும், ஆனால் சொல் இடைவெளி எல்லா வரியிலும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவது, பக்கத்துக்கு 6 மில்லிமீட்டராக இருந்த மார்ஜினை 3 ஆக்கியது. வரிக்கு 18 எழுத்து 20 ஆனது. இரண்டு எழுத்துதானே என்று தோன்றலாம். அந்த இரண்டில் பல சொற்கள் அடுத்த வரிக்குப் போகாமல் தப்பித்தன.

அப்படியானால் மார்ஜினைப் பூஜ்ஜியம் ஆக்கிவிடலாமே? முயன்று பார்த்தோம். போனின் கவர் விளிம்பு முதல் எழுத்தை மறைத்தது, பிடித்திருக்கும் கட்டைவிரல் கடைசி எழுத்தின்மேல் உட்கார்ந்தது, விரல் பட்டுப் பக்கமும் திரும்பியது. 3 மில்லிமீட்டரை அப்படியே விட்டோம்.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. முன்பு ஒரு திரையில் 48 வரி, வரிக்கு 24 எழுத்து. இப்போது 28 வரி, வரிக்கு 20 எழுத்து. கிட்டத்தட்ட 1150 எழுத்து இருந்த பக்கத்தில் இப்போது 560. பக்கம் திருப்புவது இரண்டு மடங்கு. "என்னடா, திருப்பிக்கிட்டே இருக்கேன்"ன்னு முதல் நாள் புலம்பினான். மூன்றாவது நாள் அந்தப் புலம்பல் இல்லை.

பின்னணி: நிறத்துக்கு முன்னாடி வெளிச்சம்

எல்லாரும் முதலில் கை வைக்கும் இடம் இது. நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எழுத்தும் இடைவெளியும் சரியாகாமல் நிறத்தை மாற்றினால் நெருக்கடி அப்படியே இருக்கும், வேறு நிறத்தில்.

வெள்ளைப் பின்னணி கண்ணைக் குத்துவதற்குப் பல நேரம் வெள்ளை காரணமில்லை. அறையில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும்விடத் திரை அதிக வெளிச்சமாக இருப்பதுதான் காரணம். ஒரு ரெக்கார்ட் நோட்டின் வெள்ளைப் பக்கத்தைப் போனுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை ட்யூப்லைட் மாதிரித் தெரிந்தால் வெளிச்சம் அதிகம். சாம்பல் மாதிரித் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை வெளிச்சத்தை மாற்றிவிட்டு, அப்புறம் நிறத்துக்கு வாருங்கள்.

செபியா என்ற பழுப்பு மஞ்சள் நிறம் நீல வெளிச்சத்தை வடிகட்டிக் கண்ணைக் காக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. நீல வெளிச்சத்தை வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றிய ஆய்வுகளை அலசி 2023-இல் வெளிவந்த கோக்ரேன் தொகுப்பாய்வு, கணினி பார்க்கும்போது வரும் கண் களைப்பை அவை குறைப்பதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கே வந்தது. செபியா இதமாக இருப்பதற்கு எளிய காரணம், அது வெள்ளையைவிடக் கொஞ்சம் மங்கலானது. அவ்வளவு போதும்.

ஆனால் மங்கலாக்குவதற்கும் எல்லை உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை `(L1 + 0.05) / (L2 + 0.05)` என்று கணக்கிடுவார்கள். L1 வெளிச்சமான நிறத்தின் ஒளிர்வு, L2 இருண்டதின் ஒளிர்வு. வெள்ளையில் கறுப்பு 21. இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, நல்ல நிலைக்கு 7 என்று கேட்கின்றன. பின்னணி `#F4ECD8`, எழுத்து `#5B4636` என்றால் 7.5 வருகிறது, தாராளம். நண்பன் "இன்னும் சாஃப்ட்டா" வேண்டும் என்று எழுத்தை `#8B7355` ஆக்கினான். பார்க்க அழகுதான். கணக்கு 3.8. ராத்திரி வெளிச்சத்தைக் குறைத்ததும் புள்ளிகள் எல்லாம் கரைந்துபோயின. தமிழில் புள்ளி கரைந்தால் மெய்யே போய்விடும். முதல் ஜோடிக்கே திரும்பினான்.

கடைசியாக டார்க் மோட். இங்கேதான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து எனக்குக் கூர்மையாகத் தெரிந்தது. அவனோ, "ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்துல இன்னொரு மங்கல் எழுத்து தெரியுது"ன்னு சொன்னான். பாவை இருட்டில் விரியும். விரிந்தால் கருவிழியின் வளைவில் இருக்கும் சின்னக் குறையும் வெளியே தெரியும், பளிச்சென்ற எழுத்து கறுப்பின்மேல் கசியும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு இது அதிகம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். வலக்கண்ணில் கொஞ்சம், இடக்கண்ணில் நன்றாகவே தெரிந்தது. எழுத்தைச் சாம்பலாக்கி, பின்னணியை முழுக் கறுப்பிலிருந்து அடர் சாம்பலாக மாற்றினோம். கசிவு குறைந்தது, போகவில்லை.

அடுத்த வாரம் கண் பரிசோதனைக்குப் போனான். இடக்கண்ணில் 0.75 சிலிண்டர். இருபது வயதுவரை அவனுக்குத் தெரியாது, கடைசி பெஞ்சிலிருந்து போர்டும் ஓரளவு தெரிந்துகொண்டுதான் இருந்தது. பெரிய பவர் இல்லை. ஆனால் சின்னச் சுழியும் புள்ளியுமாக நெருங்கி நிற்கும் எழுத்தை, மங்கின வெளிச்சத்தில், மணிக்கணக்கில் பார்க்கிறவனுக்கு அது கணக்கில் வரும்.

செட்டிங்ஸ் எங்கே நிற்கும்?

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். மேலே சொன்ன எதுவும் பவரைச் சரிசெய்யாது. டார்க் மோடில் இரட்டை எழுத்து தெரிந்தாலோ, ஒரு கண்ணால் பார்ப்பது மறு கண்ணைவிட மங்கினாலோ, எல்லாம் சரியாக வைத்தும் தலைவலி தொடர்ந்தாலோ, ஸ்லைடரை விட்டுவிட்டுக் கண் பரிசோதனைக்குப் போகணும்.

அதேபோல எரிச்சலும் வறட்சியும் வேறு கதை. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, கண்ணீர்ப் படலம் காய்கிறது. ஹாஸ்டல் கட்டிலில் நேர் மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாகக் காயும். இதற்கு எந்த ஃபான்ட்டும் மருந்து ஆகாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடி தூரத்தில் எதையாவது, இருபது நொடி பார்ப்பது என்ற பழைய வழியும், படுக்கையில் தலை மாற்றிப் படுப்பதும்தான் உதவும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி. கண் எரிந்து, மூடித் திறந்தால் கொஞ்ச நேரம் சரியாகிறது என்றால் வறட்சி. எரிச்சல் இல்லாமல் வரி மாறுகிறது, படித்ததையே படிக்கிறோம், நாலு பக்கத்தில் அலுப்பு வருகிறது என்றால் இடைவெளியும் அளவும். என் நண்பனுக்கு மூன்றும் கலந்து இருந்தது: வரி நெருக்கம், சிலிண்டர், ஃபேன். தமிழ் மறந்துபோனது மட்டும் அதில் இல்லை.

இப்போது அவன் செயலியில் இரண்டு தனித்தனி அமைப்பு சேமித்து வைத்திருக்கிறான். ஆங்கிலத்துக்குப் பழையதே: சின்ன எழுத்து, 1.2 இடைவெளி, இரு ஓரமும் நேர். தமிழுக்கு `Mukta Malar`, இரண்டு படி பெருசு, 1.6, 3 மில்லிமீட்டர் மார்ஜின், இடப்பக்கம் மட்டும் நேர், பகலில் வெள்ளை, ராத்திரி அந்த 7.5 செபியா. மொழி மாறினால் ஒரே தட்டில் அமைப்பும் மாறும். பொன்னியின் செல்வனில் மூன்றாம் பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் கதையில் அடுத்து என்ன ஆகும் என்று அவன் என்னிடம் கேட்பதில்லை. நான் வாயைத் திறந்தால், "சொல்லிடாதடா" என்கிறான்.